ஒரே பக்கம், இரண்டு குரல்: கணவன் மனைவி தொழிலுக்கு ‘எங்கள் கதை’ எழுதும் முறை

கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் தொழில்களின் ‘எங்கள் கதை’ பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒருவர் குரல்தான் கேட்கும். அவர் பிறந்த ஊர், பட்ட கஷ்டம், தொடங்கிய வருஷம் எல்லாம் வந்தபின் கடைசியில் ஒரு வரி: “இவருக்கு இவரது மனைவி உறுதுணையாக இருக்கிறார்.” பாதி வேலையைச் செய்கிறவர் அந்த ஒரு வரிக்குள் முடிந்துபோகிறார். இதைத் திருத்த நினைப்பவர்கள் எல்லாவற்றையும் ‘நாங்கள்’ என்று மாற்றிவிடுகிறார்கள். அதில் இரண்டு பேரும் காணாமல் போய்விடுகிறார்கள். இரண்டு ஆட்களையும் தனித்தனியாக நிறுத்தி, பக்கத்தை மட்டும் ஒன்றாக வைத்திருக்க வேண்டும். அது எப்படி என்பதை ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு கடைசி வரை பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்குத் திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி செய்து நேரடியாக விற்கும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் பனை ஏறுகிறார். மனைவி விடிலி என்ற ஓலைக் குடிசையில் பதநீர் காய்ச்சுகிறார். இந்தத் தொழிலை எடுத்ததற்குக் காரணம், இருவர் வேலையும் இதில் தெளிவாகப் பிரிந்திருப்பதுதான். மரத்தில் நடப்பது அவருக்குத் தெரியும், அடுப்பில் நடப்பது இவருக்குத் தெரியும். ஒருவர் இன்னொருவருக்காகப் பேச முடியாது. பத்தமடையில் பாய் விற்பவர்களுக்கும், திருநெல்வேலி டவுனில் அல்வாக்கடை வைத்திருப்பவர்களுக்கும், தென்காசிப் பக்கம் தையல் கூடம் நடத்துபவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் தமிழில் உள்ள சிக்கல்

தமிழில் தன்மைக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. ‘ஏறினேன்’ என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். வினை வேறு கடைசியில் வருகிறது. ஒரே பத்தியில் இரண்டு பேரும் ‘நான்’ என்று பேசினால் எந்த ‘நான்’ யாருடையது என்று படிப்பவருக்குப் பிடிபடாது. நீளமான வாக்கியமாக இருந்தால் முடிவு வரை போய், மறுபடி மேலே வந்து பார்க்க வேண்டும். கைபேசியில் படிப்பவர் திரும்பி வரமாட்டார்.

அதனால் குரல் மாறுகிற இடத்தில், முதல் சொல்லிலேயே ஆளைக் காட்டிவிட வேண்டும். பெயரைத் தலைப்பாகப் போடுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, பெயரோடு அவர் வேலை செய்யும் இடத்தையும் சேர்ப்பது: ‘மரத்தில்’, ‘அடுப்பில்’. இடத்தைச் சொன்னாலே பேசுகிறவர் யார் என்று மனசில் நிற்கும். அந்தப் பத்தியின் முதல் வாக்கியமும் அவர் கைப்பொருளில் தொடங்கட்டும். அவருடையது பாளையிலோ அரிவாளிலோ தொடங்கினால், இவருடையது சட்டியிலோ விறகிலோ தொடங்கும்.

இன்னொன்று ‘நாங்கள்’, ‘நாம்’ வித்தியாசம். ‘நாம்’ என்றால் வாங்குபவரும் உள்ளே வந்துவிடுவார். “நாம் கருப்பட்டி காய்ச்சுகிறோம்” என்று எழுதினால் அது வாடிக்கையாளரும் சேர்ந்து காய்ச்சுகிற மாதிரி ஆகிவிடும். தம்பதியைக் குறிக்க எல்லா இடத்திலும் ‘நாங்கள்’ மட்டும்தான். பேச்சில் இது தவறுவதில்லை, எழுத உட்காரும்போதுதான் தவறுகிறது.

தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள்

இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் ஒருவர் பேசுவார், இன்னொருவர் “ஆமா” என்பார். அது ஒரு குரல்தான். ஆகவே முதல் நாள் தனித்தனியாக, ஆளுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்திலேயே பேசுவது நல்லது. கையில் பொருள் இருந்தால் அதன் சரியான பெயர் தானாக வாயில் வரும். ஆனால் பாகு பதத்துக்கு வரும் நேரத்தில் அடுப்பருகே கேள்வி கேட்காதீர்கள். பதில் கிடைக்காது, பாகும் கருகும்.

இருவரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். ஆறு போதும். காலையில் கை முதலில் எதைத் தொடுகிறது? உங்கள் வேலையில் பார்த்தவுடன் தெரிந்துவிடும் தவறு எது? நாள் கழித்துத் தெரியவரும் தவறு எது? மற்றவர் செய்யும் வேலையில் உங்களால் செய்ய முடியாதது எது? எதில் உங்களுக்குள் வாக்குவாதம் வரும்? எந்தச் சரக்கை விற்க மாட்டீர்கள்?

“ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள்” என்று கேட்க வேண்டாம். அதற்கு எல்லோரும் “பாரம்பரியம், ஆரோக்கியம், அடுத்த தலைமுறை” என்றே சொல்வார்கள். பொய்யில்லை, ஆனால் அந்தப் பதிலில் ஆள் தெரியமாட்டார். ஐந்தாம் கேள்விதான் பக்கத்துக்கு உயிர். அதற்கு இருவரும் சொல்லும் பதில் ஒரே பொருளைச் சுற்றி வருகிறதா என்று கவனியுங்கள்.

பிறகு பதிவைக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி எடுங்கள். அவர் மட்டும் சொன்னதை நீலத்திலும், இவர் மட்டும் சொன்னதைச் சிவப்பிலும், இருவரும் சொன்னதைப் பச்சையிலும் கோடிடுங்கள். பச்சையில் முரண்பாடு இருந்தால் இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டும். வருஷம், மரக்கணக்கு, விலை போன்றவற்றில் முரண்பாடு வந்தால் உட்கார்ந்து பேசி ஒன்றாக்குங்கள். ஒரே பக்கத்தில் ஒருவர் முப்பது மரம் என்றும் இன்னொருவர் நாற்பது என்றும் சொன்னால், படிப்பவர் இரண்டையுமே நம்பமாட்டார். பார்வையில் முரண்பாடு வந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒன்றாக்கினால் இரண்டு குரல் ஒன்றாகிப் போகும்.

எதை யார் சொல்வது

அந்த விஷயம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆண் தொழிலைச் சொல்வது, பெண் குடும்பத்தைச் சொல்வது என்று பிரித்துவிடாதீர்கள். பல பக்கங்களில் கணவர் தரம், விலை, திட்டம் எல்லாம் பேசுவார். மனைவி அன்பு, குழந்தைகள், கைப்பக்குவம் பேசுவார். இந்தத் தொழிலிலோ தரத்தை முடிவு செய்யும் கடைசிக் கை அடுப்பருகே இருப்பவருடையது. பாகு பதத்தைப் பற்றி அவர்தான் பேச வேண்டும், அளவோடு பேச வேண்டும். ‘கைமணம்’ என்று ஒரு சொல்லில் அதை முடித்துவிட்டால் அவர் அறிவைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மொத்தம் 300 முதல் 400 சொல் போதும். அதற்கு மேல் போனால் கைபேசியில் விரலால் தள்ளிவிடுவார்கள். ‘நாங்கள்’ என்று ஒரு சின்னத் தொடக்கம். பிறகு அவர், பிறகு இவர், இருவருக்கும் ஏறத்தாழ சம நீளம். பத்துப் பதினைந்து சொல் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை, ஒருவருக்கு இரட்டிப்பாக இருக்கக் கூடாது. அடுத்து இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசும் ஒரு சின்ன இடம். கடைசியில் வாங்குபவருக்கு வேண்டிய நேரடித் தகவல்.

யார் முதலில் வர வேண்டும் என்ற கேள்வி வீட்டில் எழும். வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையில் வையுங்கள். பதநீர் மரத்திலிருந்து இறங்கினால்தான் அடுப்புக்கு வரும், எனவே இங்கே அவர் முதலில். பாய்த் தொழிலில் நெசவு பெண் கையில் இருந்து, கணவர் விற்பனைக்குக் கொண்டுபோகிறார் என்றால் அவர்தான் இரண்டாவது.

அவர், அவள், அவுக

இதில்தான் நிறையப் பக்கங்கள் சறுக்குகின்றன. நம் நெல்லைப் பக்கத்துப் பேச்சில் மனைவி கணவரை ‘அவுக’, ‘எங்க வீட்டுக்காரர்’ என்பார். கணவர் மனைவியை ‘அவ’ என்பார். வீட்டில் அது இயல்பு. பக்கத்தில் அப்படியே வந்தால் இவர் அவருக்குக் கொடுத்த மரியாதை அவரிடமிருந்து திரும்ப வராதது போலத் தெரியும். வெளியூர்க்காரர் படித்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும். எனவே இருவரும் மற்றவரை ‘அவர்’ என்றே குறிக்கட்டும். கணவர் பெயரைச் சொல்ல மனைவிக்குத் தயக்கம் இருந்தால் அதை வற்புறுத்த வேண்டாம். அவர் பகுதியில் ‘மரம் ஏறுகிறவர்’ என்று வந்தால் போதும். பெயர் மேலே தலைப்பில் இருக்கிறது.

வட்டாரப் பேச்சை எவ்வளவு வைப்பது? ‘சொல்லுதேன்’, ‘பாக்கேன்’, ‘நிக்கேன்’ என்ற நெல்லை முடிவுகள் காதுக்கு இனிமை. ஆனால் முழுப் பத்தியும் அப்படி இருந்தால் சென்னையிலும் கோவையிலும் படிப்பவருக்கு வேகம் குறையும். வினையைப் பொதுத் தமிழில் வைத்து, பொருட்பெயர்களை ஊர்ச் சொல்லிலேயே விடுங்கள்: விடிலி, பாளை, கலயம், சிரட்டை. பேச்சு நடை மேற்கோளுக்குள் மட்டும் வரட்டும், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒருவருக்குப் பேச்சு நடையும் இன்னொருவருக்கு ஏட்டுத் தமிழும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் ஒருவர் படித்தவர், மற்றவர் விவரம் தெரியாதவர் என்று பக்கமே சொல்லிவிடும்.

அப்படியானால் குரலில் வித்தியாசம் எங்கிருந்து வரும்? எதை எண்ணுகிறார்கள் என்பதிலிருந்தும், எந்த நேரத்தில் கவலைப்படுகிறார்கள் என்பதிலிருந்தும் வரும். ஏறுகிறவர் மரத்தையும் நாளையும் எண்ணுவார், மழைக்குப் பயப்படுவார். காய்ச்சுகிறவர் எதையும் எண்ணமாட்டார். குமிழைப் பார்ப்பார், கரண்டியிலிருந்து விழும் நூலைப் பார்ப்பார். இவர் வாக்கியம் ‘இப்படி ஆனால் இப்படிச் செய்ய வேண்டும்’ என்று போகும். அவர் வாக்கியம் சின்னச் சின்னதாக முடியும். பதிவில் அப்படி இருந்தால் அதை நேராக்காதீர்கள்.

தவறிய வரைவும் திருத்திய வரைவும்

பொதுவாக முதல் வரைவு இப்படித்தான் வரும்:

> பாரம்பரியமிக்க பனைத்தொழில் குடும்பத்தில் பிறந்த நாங்கள், கலப்படமில்லாத தூய கருப்பட்டியை அனைவருக்கும் கொண்டு சேர்க்கும் நோக்கத்துடன் இந்தப் பயணத்தைத் தொடங்கினோம். மனைவியின் அன்பான கைப்பக்குவத்தில் உருவாகும் எங்கள் கருப்பட்டி உடலுக்கு ஆரோக்கியமானது.

இதில் ஊர் இல்லை, மரம் இல்லை, அடுப்பு இல்லை. எந்த மாவட்டத்துக் கடையும் இதைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளலாம். ‘தூய’ என்ற சொல்லுக்குச் சான்றும் இல்லை. சீனி கலந்து விற்பவரும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். அதே தம்பதி, தனித்தனியாகப் பேசிய பிறகு:

> நாங்கள்
> திசையன்விளைப் பக்கம் பனை ஏறிக் கருப்பட்டி காய்ச்சுகிறோம். ஏறுவது ஒருவர், காய்ச்சுவது ஒருவர். இருவர் வேலையும் சரியாக நடந்தால்தான் அன்றைக்குக் கருப்பட்டி.
>
> மரத்தில்
> அரிவாளை முந்தின நாள் ராத்திரியே தீட்டி வைத்துவிடுவேன். முப்பது மரம் ஏறுகிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீரும். சீவாமல் விட்டால் ஊறாது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மழை பெய்தால் மரம் வழுக்கும், ஏற மாட்டேன். அன்றைக்கு அடுப்பும் எரியாது.
>
> அடுப்பில்
> சட்டியில் வடிகட்டி ஊற்றியதில் இருந்து அது என் பொறுப்பு. காய்ந்த ஓலையும் மட்டையும்தான் விறகு. பொங்கி மேலே வந்தால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவேன், அடங்கிவிடும். குமிழ் பெரிசாக இருக்கிற வரைக்கும் பக்கத்தில் வேறு வேலை பார்க்கலாம். குமிழ் சிறுத்து, கரண்டியில் இருந்து நூலாக விழ ஆரம்பித்துவிட்டால் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பேன். உருண்டால் இறக்க வேண்டியதுதான். முந்தி இறக்கினால் சிரட்டையில் கட்டியாகாது, பிந்தினால் கருகல் வாசம் வந்துவிடும்.
>
> சுண்ணாம்பு
> அவர்: “நான் அளவாத்தான் தடவுதேன்.”
> இவர்: “ஒங்க அளவு அடுப்புல வச்சாத்தான தெரியுது.”
> குறைந்தால் பதநீர் புளித்து, பாகு கட்டியாகாது. கூடினால் ருசியில் தெரியும். அப்படிப்பட்ட நாளில் காய்ச்சியதை விற்பதில்லை என்பதில் மட்டும் எங்களுக்குள் பேச்சு கிடையாது.
>
> வாங்குபவருக்கு
> பதநீர் இறங்கும் மாதங்களில்தான் புதுக் கருப்பட்டி. ஐப்பசி, கார்த்திகையில் கேட்டால் இருப்பு வைத்ததைத்தான் தருவோம், அதைச் சொல்லியே தருவோம்.

இதில் ‘தூய’ என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. ஆனாலும் படித்தவர் நம்புவார், ஏனென்றால் சுண்ணாம்பு கூடினால் என்ன ஆகும் என்று காய்ச்சாதவருக்குத் தெரியாது. சுண்ணாம்புப் பகுதியை நடுவில் வைத்ததற்கும் காரணம் உண்டு. அதைத் தடவுகிறவர் மரத்தில் இருக்கிறார். அதன் விளைவைக் காண்கிறவர் அடுப்பருகே இருக்கிறார். ஒரே பொருள் இரண்டு கைகளில் இரண்டு மாதிரி தெரிகிறது. அங்கே ‘நான்’ என்று இருவரும் மாறி மாறிப் பேசினால் குழம்பும் என்பதால்தான் பெயர் போட்டு உரையாடலாக வைக்கிறோம். உங்கள் பக்கத்தில் ‘அவர்’, ‘இவர்’ வந்த இடங்களில் உண்மைப் பெயர்களைப் போடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் பெயர் சேரட்டும்.

உங்கள் தொழிலில் அந்தச் சுண்ணாம்பு எது என்று தேடுங்கள். அல்வாக்கடையில் அது கோதுமைப் பாலைப் புளிக்கவைக்கும் நேரமாக இருக்கலாம். தையல் கூடத்தில் ஒருவர் எடுத்த அளவை இன்னொருவர் வெட்டும் இடமாக இருக்கலாம். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வேலை மாறும் இடத்தில் அது கட்டாயம் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் ஐந்தாம் கேள்வியை மறுபடி கேளுங்கள். ஊடலையெல்லாம் இங்கே கொண்டுவர வேண்டாம். தொழில் பற்றிய பேச்சு மட்டும், அதுவும் முடிவில் இருவரும் ஒத்துக்கொள்ளும் ஒன்று.

வெளியிடும் முன் பார்க்க வேண்டியவை

தலைப்புகளை மறைத்துவிட்டு, தம்பதியைத் தெரிந்த ஒருவரிடம் இரண்டு பத்திகளையும் வாசித்துக் காட்டுங்கள். எது யாருடையது என்று அவர் உடனே சொல்ல வேண்டும். தயங்கினால் எழுதியவர் குரல் உள்ளே புகுந்திருக்கிறது. பெரும்பாலும் ‘மேலும்’, ‘எனவே’, ‘அதுமட்டுமின்றி’ போன்ற இணைப்புச் சொற்கள்தான் காரணம். அவற்றை எடுத்துவிட்டு, பதிவில் இருந்தபடி வாக்கியங்களை வெட்டுங்கள்.

ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தானே திருத்தட்டும். மற்றவர் பகுதியில் தகவல் பிழையை மட்டும் சொல்லலாம், சொல்லை மாற்றக் கூடாது. இதை முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால், எழுதப் பழகிய ஒருவர் மற்றவர் பத்தியை ‘அழகாக்கி’விடுவார். மூன்றாம் வாரத்தில் பழையபடி ஒரு குரல்தான் மிஞ்சும்.

“சர்க்கரை நோய்க்கு நல்லது” போன்ற வரிகள் யார் வாயில் வந்தாலும் எடுத்துவிடுங்கள். கருப்பட்டியும் இனிப்புதான். வாங்குபவர் அதை நம்பி அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டால் பாதிக்கப்படுவது அவர்தான்.

பணம் அனுப்பும் செயலியில் யார் பெயர் திரையில் வரும் என்று பாருங்கள். கணக்கு மனைவி பெயரில் இருந்து, பக்கத்தில் கணவரின் அழைக்கும் பெயர் மட்டும் இருந்தால், வாங்குபவர் வேறு யாருக்கோ போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார். கணக்கில் உள்ள முழுப்பெயர் பக்கத்தில் ஒரு தடவையாவது வர வேண்டும். கைபேசியை யார் எடுப்பார், எந்த நேரத்தில் எடுப்பார் என்பதையும் எழுதுங்கள். மரத்தில் இருப்பவர் காலையில் எடுக்க முடியாது, பாகு பதத்துக்கு வரும்போது இவரும் எடுக்க முடியாது.

படம் இரண்டு வேண்டும், சேர்ந்து நிற்கும் ஒன்று மட்டும் போதாது. சேர்ந்து எடுத்த படத்தில் இருவரும் சும்மா நிற்பார்கள். மரத்தடியில் அரிவாள்பெட்டியோடு அவர் ஒரு படம், சட்டியருகே கரண்டியோடு இவர் ஒரு படம். அவரவர் பத்திக்கு மேலே அவரவர் படம். புகைக்கு எதிரே நின்று எடுக்காமல் காற்று வரும் பக்கமாக நின்று எடுங்கள், முகம் தெரியும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, பதநீர் இறங்கத் தொடங்கும் முன், இருவரும் தங்கள் பத்தியைப் படித்துப் பார்க்க வேண்டும். மரக்கணக்கு மாறியிருக்கும். முழங்கால் வலி வந்து கணவர் ஏறுவதை நிறுத்தி, கூலிக்கு ஆள் வைத்திருக்கலாம். அப்போது ‘ஏறுகிறேன்’ என்பதை அப்படியே விட்டுவைக்காதீர்கள். “இருபது வருஷம் ஏறினேன். இப்போது ஏறுவது வேறு ஒருவர். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது இன்னும் நான்தான்” என்று, உண்மையில் நடப்பதை அவர் சொல்லும்படி மாற்றுங்கள்.